6-ஆம் எண் ஸ்டில்லில் அபிமன்யு யார்? முகத்தை வைத்துப் பெயர் எழுதலாமா?

கோத்தகிரி_வாசகசாலை

எல்லோருக்கும் வணக்கம். குன்னூரில் மூடிப்போன ஒரு தியேட்டரின் தகரப் பெட்டியிலிருந்து 14 கறுப்பு வெள்ளை ஸ்டில்கள் எங்கள் வாசகசாலைக்கு வந்திருக்கின்றன. தியேட்டர் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் குத்தி வைப்பார்களே, அந்த வகை. மே மாதம் சீசனில் இவற்றைக் காட்சிக்கு வைக்கப் போகிறோம். ஒவ்வொன்றின் அடியிலும் படத்தின் பெயர், ஆண்டு, நடிகர் பெயர் எழுத வேண்டும்.

சிக்கல் 6-ஆம் எண் ஸ்டில்லில். அளவு 6×8 அங்குலம். நந்தவன செட். வலப்பக்கம் சாவித்திரி. இடப்பக்கம் கிரீடம், குண்டலம், மெல்லிய மீசையோடு ஓர் இளவரசன், முகம் முக்கால்வாசி தெரியும்படி திரும்பியிருக்கிறான். வலது ஓரத்தில் மூன்றாவது ஆள் பாதி வெட்டுப்பட்டு நிற்கிறார்: கிரீடத்தின் ஒரு பக்கம், கன்னம், தோள் மட்டும். பின்புறம் ஊதா ரப்பர் ஸ்டாம்ப் ஈரத்தில் கரைந்துவிட்டது. பென்சிலில் 22 என்று இருக்கிறது.

மாயாபஜார் என்பதில் எங்களுக்குள் சண்டை இல்லை. அபிமன்யு யார் என்பதில்தான் சண்டை. மூன்று பேர் ஜெமினி கணேசன் என்கிறார்கள், இரண்டு பேர் நாகேஸ்வர ராவ் என்கிறார்கள். ஸ்கேன் இணைத்திருக்கிறேன்.

லவ்டேல்77

இதில் என்ன சந்தேகம் அக்கா? ஜெமினியேதான். அந்தக் கன்னமும் பார்வையும் வேறு யாருக்கு வரும்? உறுதிக்கு முகம் தேடும் செயலியிலும் போட்டுப் பார்த்தேன். ஜெமினி கணேசன், 92 சதவீதம் என்று வந்தது. தைரியமாக எழுதுங்கள்.

பழம்பெட்டி_குன்னூர்

அவசரப்பட வேண்டாம். இந்தப் படத்தில்தான் அப்படி எழுதுவது ஆபத்து.

மாயாபஜார் 1957-இல் விஜயா புரொடக்‌ஷன்ஸ் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்த படம். இயக்கம் கே. வி. ரெட்டி. கிருஷ்ணன் இரண்டிலும் என். டி. ராமராவ், கடோத்கஜன் இரண்டிலும் எஸ். வி. ரங்காராவ், நாயகி இரண்டிலும் சாவித்திரி. அபிமன்யு மட்டும் தெலுங்கில் அக்கினேனி நாகேஸ்வர ராவ், தமிழில் ஜெமினி கணேசன். செட், உடை அமைப்பு, பக்கத்தில் நிற்கும் பெண் எல்லாம் ஒன்று. அப்படியானால் ஸ்டில்லில் இருக்கும் எதுவும் இது எந்த மொழி என்று தானாகச் சொல்லாது. மிச்சம் இருப்பது ஒரு முகம் மட்டும். அந்த முகத்தையும் ஒப்பனைக்காரர் ஒரே பாத்திரத்துக்காக ஒரே மாதிரி ஆக்கியிருக்கிறார்.

புராண ஒப்பனை என்ன செய்கிறது என்று பாருங்கள். கிரீடம் முன்நெற்றி மயிர்க்கோட்டை மறைத்துவிடுகிறது. ஒரு முகத்தை இன்னொன்றிலிருந்து பிரிக்க நமக்கு அதிகம் உதவுவதில் அதுவும் ஒன்று. புருவத்தின் மேல் புதுப் புருவம் வரைகிறார்கள். மீசை மேலுதட்டின் வளைவை மறைக்கிறது. கண் ஓரத்தில் மையை இழுத்து நீட்டினால் கண்ணின் நீளம் மாறுகிறது. கிருதா சுருள் கன்ன எலும்புக்கு முன்னால் விழுகிறது. இதற்கெல்லாம் அடியில் ஒரே நிறப் பூச்சு. மீதி மூக்கும் தாடையும்தான். ஒத்த வயது, ஒத்த உடல்வாகு உள்ள இரண்டு பேருக்கு இவ்வளவையும் செய்துவிட்டு ஒரு படத்தில் வேறுபாடு தேடுகிறோம்.

நான் பின்பற்றும் வரிசை: முதலில் படம், பிறகு எந்த மொழி, பிறகு பாத்திரம், கடைசியாக நடிகர். முகம் கடைசியில் சரிபார்க்க மட்டும். நாம் எல்லோரும் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முகத்தைப் பார்த்ததும் பெயர் வந்துவிடுகிறது. பிறகு அந்தப் பெயருக்கு ஏற்ற சான்றைத் தேடுகிறோம்.

கேத்தி_ரயிலடி

ஐயா சொல்வது சரிங்க. ஆனா காது இருக்கே? காது கைரேகை மாதிரி, யாருக்கும் ஒத்துப்போகாது. மேக்கப்காரர் காதைத் தொடுறதே இல்லீங்க. காது மடலைப் பெரிதாக்கி இரண்டு பேரோட பழைய படத்தோடு வைத்துப் பார்த்தா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும்.

பழம்பெட்டி_குன்னூர்

பாதி சரி. காதின் உள்மடிப்புகள் ஆளுக்கு ஆள் மாறும், முக ஒப்பீடு செய்பவர்கள் அதைக் கவனமாகப் பார்ப்பார்கள் என்பதும் உண்மை. ஆனால் இந்த ஸ்டில்லில் கிரீடத்தின் பக்கவாட்டுத் தகடு காதின் மேல்பாதியை அமுக்கியிருக்கிறது. கனமான குண்டலம் கீழ்மடலை இழுத்திருக்கிறது, அதனால் மடல் கன்னத்தோடு ஒட்டியதா தொங்குவதா என்று சொல்ல முடியாது. மிச்சம் நடுவில் ஒரு சிறு துண்டுதான்.

அந்தத் துண்டிலும் எவ்வளவு விவரம் இருக்கிறது? 6×8 அங்குலத்தில் இவருடைய முகம் சுமார் 2 சென்டிமீட்டர். 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்தால் முகத்தின் குறுக்கே சுமார் 470 புள்ளி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் காது அதில் சிறு பகுதி, அதற்குள் லென்ஸின் மங்கலும் தாளின் குருணையும் சேர்ந்திருக்கின்றன. 1200-இல் ஸ்கேன் செய்தாலும் குருணைதான் பெரிதாகும்.

எதனோடு ஒப்பிடுகிறீர்கள் என்பது அதைவிட முக்கியம். பழைய பாட்டுப் புத்தகப் படத்தோடு என்றால், அது அச்சுப் புள்ளிகளால் ஆனது. அங்குலத்துக்கு 65 வரிசை என்று வைத்துக்கொண்டால் 2 சென்டிமீட்டர் முகத்தின் குறுக்கே ஏறக்குறைய 50 புள்ளிதான். அதில் காது மடிப்பு என்று நாம் காண்பது அச்சுப் புள்ளி விழுந்த விதம்.

ஒப்பனை_அரவேணு

இன்னொன்றும் சேர்க்கிறேன். ஒப்பனை முகத்தில் கூட்ட முடியும், குறைக்க முடியாது. மூக்கில் புட்டி வைத்துப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது. கன்னத்தில் பஞ்சு அடக்கி உப்ப வைக்கலாம், உள்ளே இழுக்க முடியாது. நிழல் பூசி ஒடுங்கியது போலக் காட்டலாம், அவ்வளவுதான். ஆகவே ஸ்டில்லில் உள்ள மூக்கு நீங்கள் சொல்லும் நடிகரின் மூக்கைவிடப் பெரிது என்றால் அது எதையும் சொல்லாது. சிறிது என்றால், கோணமும் லென்ஸும் ஒத்திருக்கும்போது மட்டும், அவர் இல்லை என்பதற்கு ஓரளவு சான்று.

கோணமும் லென்ஸும் என்று ஏன் அழுத்துகிறேன் என்றால், கேமரா எவ்வளவு கிட்ட நிற்கிறது என்பதே முகத்தின் விகிதத்தை மாற்றிவிடும். செல்ஃபி பற்றி 2018-இல் வந்த ஒரு கணக்குப்படி, ஒன்றரை மீட்டரிலிருந்து எடுத்ததைவிட 30 சென்டிமீட்டரிலிருந்து எடுத்த படத்தில் மூக்கின் அகலம் சுமார் 30 சதவீதம் கூடித் தெரியும். ஒரே ஆள், ஒரே மூக்கு. ஸ்டில் கேமராக்காரர் எவ்வளவு தள்ளி நின்றார் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் கண்ணுக்கும் மூக்குக்கும் இடையே ஸ்கேல் வைத்து அளந்து விகிதம் போடுவதைத் தடயவியல் முக ஒப்பீட்டில் ஏற்பதில்லை. வடிவத்தை ஒவ்வொரு உறுப்பாகப் பார்த்து எழுதுவதுதான் அங்கே முறை.

பண்ணைக்காடு_மலைவாழை

கொடைக்கானல் பக்கத்திலிருந்து ஒரு கேள்வி. ஒப்பனை இவ்வளவு மறைக்கும் என்றால் அவ்வை சண்முகியில் கமலை எல்லோருக்கும் தெரிகிறதே? தசாவதாரத்தில் பத்து வேடம், பத்திலும் தெரிகிறதே? நல்ல கண் உள்ளவனுக்கு எந்த ஒப்பனையும் தடை இல்லை என்றுதானே அர்த்தம்?

ஒப்பனை_அரவேணு

அது வேறு விஷயம் அண்ணா. அவ்வை சண்முகி 1996, தசாவதாரம் 2008. இரண்டுக்கும் ஒப்பனை மைக்கேல் வெஸ்ட்மோர். தியேட்டருக்குள் போகும் முன்பே போஸ்டர் சொல்லிவிட்டது, பத்தும் ஒரே ஆள் என்று. நீங்கள் முகமூடிக்குள் கமலைத் தேடிக் கண்டுபிடிக்கவில்லை. கமல் என்று தெரிந்துகொண்டு முகமூடியைப் பார்த்தீர்கள். குரலும் நடையும் கையசைப்பும் உதவின. ஸ்டில்லில் குரல் இல்லை, நடை இல்லை.

படத்தின் பெயரே கேள்விப்படாத ஒருவரிடம் தசாவதாரத்தின் பத்து வேடத்தையும் தனித்தனி ஸ்டில்லாகக் கொடுத்து, எத்தனை ஆட்கள் என்று கேட்டுப் பாருங்கள். பிரிட்டனில் 2011-இல் வெளியான ஓர் ஆய்வில் ஒப்பனையே இல்லாமல் இப்படிச் செய்தார்கள். நெதர்லாந்தின் பிரபலங்கள் இருவரின் 40 படங்களைக் கலந்து கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னார்கள். அந்த இருவரையும் அறியாதவர்கள் சராசரியாக ஏழெட்டுக் குவியலாகப் பிரித்தார்கள். அறிந்தவர்கள் பெரும்பாலும் சரியாக இரண்டாகப் பிரித்தார்கள். நமக்குப் பழகிய முகத்தில் வரும் திறமையைப் பழகாத முகத்திலும் இருப்பதாக நினைத்துக்கொள்கிறோம். ஜெமினியை நீங்கள் நூறு படத்தில் பார்த்திருப்பீர்கள். நாகேஸ்வர ராவை எத்தனையில்?

பண்ணைக்காடு_மலைவாழை

தேவதாஸ் ஒன்றுதான். நீங்கள் சொல்ல வருவது புரிகிறது. தெலுங்கு அதிகம் பார்ப்பவரைக் கேட்டால் பதில் நாகேஸ்வர ராவ் என்று சாயும்.

ஒப்பனை_அரவேணு

அதேதான். வாசகசாலையின் மூன்று ஓட்டையும் இரண்டு ஓட்டையும் எண்ணுவதற்கு முன் யார் எந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் என்று கேளுங்கள்.

லவ்டேல்77

மனிதக் கண் தடுமாறும், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தானே செயலியில் போட்டேன்? அதற்குத் தமிழ்ப் பாசமும் இல்லை தெலுங்குப் பாசமும் இல்லை. 92 சதவீதம் என்கிறது.

வெலிங்டன்_நிரல்

அந்த 92-ஐக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம். அது "ஜெமினியாக இருக்க நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு வாய்ப்பு" என்ற பொருளில் வரும் எண் அல்ல. செயலி ஒவ்வொரு முகத்தையும் சில நூறு எண்களின் வரிசையாக மாற்றி, உங்கள் ஸ்டில்லின் வரிசைக்கு அருகில் தன் பட்டியலில் எது இருக்கிறது என்று பார்க்கிறது. அந்த நெருக்கத்தைத்தான் சதவீதமாகக் காட்டுகிறது. பட்டியலில் நாகேஸ்வர ராவின் கிரீடம் வைத்த கறுப்பு வெள்ளைப் படம் இல்லாமல், ஜெமினியினுடையது இருந்தால், ஸ்டில்லில் யார் இருந்தாலும் ஜெமினி முதலில் வரலாம்.

பட்டியல் பெரிதானால் பிழை குறையும் என்று தோன்றும். நடப்பது நேர்மாறு. ஒரு அந்நிய முகத்தைத் தவறாகப் பொருத்தும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்க மிகச் சிறியது. பட்டியலில் ஒரு லட்சம் முகம் இருந்தால் சராசரியாகப் பத்து அந்நியர்கள் எல்லைக்குள் வந்து நிற்பார்கள். இந்தப் பத்துப் பேரும் குருட்டுத்தனமாக வந்தவர்கள் அல்ல. ஒரு லட்சத்தில் உங்கள் ஸ்டில்லுக்கு மிகவும் ஒத்துப்போகும் பத்து முகங்கள். செயலி தவறும்போது ஏதோ ஒரு ஆளைக் காட்டித் தவறாது, ஒத்த சாயலைக் காட்டித்தான் தவறும். பிறகு அதை நீங்கள் கண்ணால் சரிபார்த்தால் உங்கள் கண்ணும் ஆமாம் என்றுதான் சொல்லும். "செயலியும் சொல்லிற்று, நானும் பார்த்தேன்" என்றால் இரண்டு சான்று ஆகாது. இரண்டும் ஒரே சாயலைத்தான் பார்க்கின்றன.

வேடமும் சாயலும் தனிப் பிரச்சினை என்று தெரிந்துதான் ஐஐஐடி தில்லிக் குழுவினர் 2018-இல் ஆயிரம் பேரின் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட படங்களைச் சேர்த்தார்கள். வேடமிட்ட அதே ஆள் ஒருபக்கம், அவரைப் போலத் தோன்றும் வேறு ஆள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே சமயத்தில் சமாளிப்பதுதான் கடினம். வேடத்தை ஊடுருவ எல்லையைத் தளர்த்தினால் சாயல் உள்ளவர்கள் உள்ளே வருகிறார்கள். சாயலைத் தடுக்க எல்லையை இறுக்கினால் வேடமிட்டவர் வெளியே போய்விடுகிறார்.

லவ்டேல் நண்பரே, ஒரு சோதனை செய்யுங்கள். அதே ஸ்டில்லைக் கிரீடம் வரும்படி ஒருமுறை, புருவத்துக்கு மேல் வெட்டி ஒருமுறை, இடம் வலமாகத் திருப்பி ஒருமுறை போடுங்கள்.

லவ்டேல்77

போட்டேன். கிரீடத்தோடு 92. வெட்டினால் 71, முதலில் ஜெமினி, மூன்றாவதாக நாகேஸ்வர ராவ் 69. திருப்பினால் முதல் பெயரே வேறு ஒருவர், அவர் கன்னட நடிகர். என் முதல் பதிலைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் மூன்றில் இரண்டு முறை ஜெமினி முன்னால் வந்தார் என்பதையும் பதிவு செய்கிறேன்.

கேத்தி_ரயிலடி

கொஞ்சம் விலகிப் போறேன், மன்னிக்கணும். எங்க தாத்தா அந்தக் காலத்துல கேத்தியில ஷூட்டிங் வந்தப்ப கூட்டத்துல நின்னாராம். எங்ககிட்ட ஒரு ஸ்டில் இருக்கு, பின்னாடி தலைப்பாகையோட ஒருத்தர் நிக்கிறார். வீட்டுல எல்லாரும் தாத்தான்னுதான் சொல்றாங்க. அவர் பேரையும் காட்சியில போடலாமுங்களா?

பழம்பெட்டி_குன்னூர்

வீட்டார் சொல்வதை லேசாகத் தள்ள மாட்டேன். பழகிய முகத்தை மங்கலான படத்திலும் கண்டுபிடிக்கிறோம் என்று மேலே சொன்ன ஆய்வும் காட்டுகிறது. ஆனால் உங்கள் வீட்டார் அந்த ஸ்டில்லைப் பார்ப்பதற்கு முன்பே "தாத்தா ஷூட்டிங்கில் நின்றார்" என்ற கதை தெரிந்தவர்கள். தலைப்பாகை நெற்றியை மறைத்துவிட்டது, முகம் பட்டாணி அளவு. ஆகவே இரண்டு விஷயம் செய்யுங்கள். கதை தெரியாத, தாத்தாவை நேரில் பழகிய ஒருவரிடம் ஒன்றும் சொல்லாமல் ஸ்டில்லை நீட்டி, "இதில் தெரிந்தவர் யாராவது இருக்கிறார்களா" என்று மட்டும் கேளுங்கள். விரல் காட்டாதீர்கள். அந்தப் படம் எடுத்த ஆண்டில் தாத்தாவுக்கு என்ன வயது என்று பாருங்கள். இரண்டும் பொருந்தினால் "குடும்பத்தினர் கூற்று" என்று குறித்து எழுதலாம். பக்கத்தில் நிற்கும் மற்றவர்களுக்குப் பெயர் தேட வேண்டாம். அவர்கள் நடிகர்கள் அல்ல, ஊர்க்காரர்கள். தவறாக எழுதினால் யாரோ ஒரு வீட்டில் வருத்தம்.

கேத்தி_ரயிலடி

சரிங்க. பெரியம்மாவோட சிநேகிதி ஒருத்தர் லவ்டேல்ல இருக்காங்க, அவங்ககிட்ட காட்டுறேன்.

பழம்பெட்டி_குன்னூர்

6-ஆம் எண்ணுக்குத் திரும்புவோம். முடிச்சு அபிமன்யுவின் முகத்தில் இல்லை, வலது ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும் மூன்றாவது ஆளிடம் இருக்கலாம். அபிமன்யு மட்டும்தான் மாறினார் என்று சொன்னேன், அது போதாது. பலராமன் தெலுங்கில் கும்மடி, தமிழில் டி. பாலசுப்பிரமணியம். லட்சுமண குமாரன் தெலுங்கில் ரேலங்கி, தமிழில் தங்கவேலு. சகுனி தெலுங்கில் சி. எஸ். ஆர்., தமிழில் நம்பியார். ஓரத்தில் நிற்பவர் இவர்களில் ஒருவர் என்றால், அவர் எந்த மொழி என்று தெரிந்தாலே அபிமன்யு யார் என்பது முகத்தைப் பார்க்காமலேயே தெரிந்துவிடும். ரேலங்கியும் தங்கவேலுவும் உடல்வாகில் நன்றாகவே வேறுபடுவார்கள்.

வெலிங்டன்_நிரல்

நல்ல வழி, ஆனால் ஒரு கேள்வி. ஓரத்து ஆளையும் முகத்தை வைத்துத்தானே சொல்லப் போகிறோம்? கிரீடம், பாதிக் கன்னம், தோள். அபிமன்யுவுக்கு இருந்த ஐயம் இங்கே இன்னும் அதிகம். ஒரு நிச்சயமில்லாத பெயரை இன்னொரு நிச்சயமில்லாத பெயரால் முட்டுக்கொடுத்தால் இரண்டும் சேர்ந்து விழும். தவிர, அவர் முக்கியப் பாத்திரம்தான் என்று எப்படித் தெரியும்? காவலாளியாக நிற்கும் ஒரு துணை நடிகராகவும் இருக்கலாம், அவர் இரண்டு மொழியிலும் ஒரே ஆளாகவே இருக்கலாம்.

பழம்பெட்டி_குன்னூர்

சரியான தடை. ஆகவே முகத்தை விட்டு உடையைப் பாருங்கள். இரண்டு மொழிப் படங்களும் இணையத்தில் கிடைக்கின்றன. நந்தவனக் காட்சியை இரண்டிலும் ஓடவிட்டு, ஓரத்து ஆளின் தோள்பட்டை ஆபரணத்தையும் கிரீடத்தின் விளிம்பையும் தேடுங்கள். எந்தப் பாத்திரம் என்று முதலில் பிடிபடும். பாத்திரம் பிடிபட்டால் உடல்வாகு கைகொடுக்கலாம்.

ஒரு முன்னெச்சரிக்கை. ஸ்டில் என்பது படச்சுருளிலிருந்து எடுத்த பிரேம் அல்ல. ஸ்டில் கேமராக்காரர் சினிமா கேமராவுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது, பல சமயம் ஷாட் முடிந்த பிறகு நடிகர்களை அப்படியே நிற்கச் சொல்லி எடுத்தது. ஆகவே இதே நிலை, இதே பார்வை படத்தில் எங்கும் கிடைக்காது. கிடைக்கவில்லை என்பதால் இந்தப் படம் இல்லை என்று முடிவு செய்யாதீர்கள். அசையாதவற்றைத் தேடுங்கள்: செட்டின் தூண், சாவித்திரியின் மாலையில் பூ உதிர்ந்த இடம், மேலாடையின் கரை.

அந்த மாலையையும் அளவுக்கு மேல் நம்ப வேண்டாம். இருமொழிப் படங்களில் ஒரே செட்டில் ஒரு மொழி ஷாட்டை முடித்துவிட்டு அடுத்து மற்ற மொழி ஷாட்டை எடுப்பது வழக்கம். மாலை பொருந்தினால் எந்த நாள் என்று தெரியலாம், எந்த மொழி என்று தெரியாது.

கோத்தகிரி_வாசகசாலை

இன்று மாலை இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். முதலில் ஒரு விஷயம் இடித்தது. ஸ்டில்லில் இளவரசனின் வாள் வலது இடுப்பில் தொங்குகிறது. படத்தில் எல்லோருக்கும் இடது இடுப்பில். தூணும் படத்தில் எதிர்ப்பக்கம். அப்படியானால் இந்த அச்சு இடம் வலமாகத் திரும்பியதா?

பழம்பெட்டி_குன்னூர்

ஆமாம், அருமையாகக் கண்டுபிடித்தீர்கள். நெகட்டிவைப் புரட்டிப் போட்டு அச்சிட்டிருக்கிறார்கள். இதுவரை நாம் பேசிய முகம் கண்ணாடியில் தெரியும் முகம். யாருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றல்ல. கண்ணாடிப் படத்தில் பழகிய நடிகரே கொஞ்சம் அந்நியராகத் தெரிவார், அந்நியர் பழகியவராகவும் தெரியலாம். லவ்டேல் நண்பர் திருப்பிப் போட்டபோதுதான் செயலி சரியான முகத்தைப் பார்த்தது, அப்போதுதான் அது ஜெமினியையும் நாகேஸ்வர ராவையும் விட்டுவிட்டு அந்தக் கன்னட நடிகரிடம் போனது.

ஸ்கேனைத் திருப்பிவிட்டு எல்லோரும் மறுபடி பாருங்கள். அசல் அச்சை அப்படியே வைத்திருங்கள்.

ஒப்பனை_அரவேணு

இன்னொன்றும் கவனிக்கணும். இளவரசனின் மேலுதட்டுக்கு மேல் வலப்பக்கம் மச்சம் போல ஒரு புள்ளி இருக்கிறது. அதை வைத்து யாரும் முடிவு செய்யாதீர்கள். அதே அளவுப் புள்ளி செட்டின் தூணிலும் இரண்டு இருக்கிறது, கீழ் மூலையில் கிளைவிட்ட வெள்ளைப் படலமும் இருக்கிறது. மலையின் ஈரத்தில் ஜெலட்டின் மேல் வந்த பூஞ்சை அது. விளக்கைத் தாழ்வாக, பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தால் பூஞ்சை மேடாகவோ பள்ளமாகவோ தெரியும். படத்துக்குள் இருக்கும் மச்சம் மேடு பள்ளமாகத் தெரியாது. துடைக்க முயலாதீர்கள், பூஞ்சை தின்ற இடத்தில் படம் கையோடு வந்துவிடும்.

கோத்தகிரி_வாசகசாலை

டார்ச் பிடித்துப் பார்த்தோம். புள்ளி பள்ளமாக இருக்கிறது. மச்சம் இல்லை.

ஓரத்து ஆளின் தோள் ஆபரணம் இரண்டு படத்திலும் லட்சுமண குமாரனுக்கு இருப்பது போலத் தோன்றுகிறது, ஆனால் வேறு ஒருவருக்கும் அதே வார்ப்பு ஆபரணம் இருக்கிறது. தோள் ஒடுங்கியது என்று இரண்டு பேர், பருத்தது என்று ஒருவர். மேலாடை தளர்வாக இருப்பதால் தோளின் அளவு தெரியவில்லை.

அப்பர்_பவானி

நடிகர் பட்டியலைப் பார்த்தால் போதுமே, ஏன் இவ்வளவு அலைச்சல்? பாட்டுப் புத்தகத்தில் பாத்திரமும் நடிகரும் வரிசையாக அச்சாகியிருக்கும். சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் பழைய பாட்டுப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன, கேட்டு எழுதுங்கள். குன்னூர் தியேட்டர் பெட்டியில் இருந்தது என்றால் தமிழ்ப் படம்தானே ஓடியிருக்கும்.

பழம்பெட்டி_குன்னூர்

பாட்டுப் புத்தகம் கட்டாயம் வேண்டும். ஆனால் பட்டியல் சொல்வது வெளியான படத்தில் யார் நடித்தார்கள் என்பதை. ஸ்டில்லில் யார் நிற்கிறார்கள் என்பதை அல்ல. இதே விஜயாவின் மிஸ்ஸம்மா நல்ல உதாரணம். பானுமதியை வைத்துச் சில ரீல் எடுத்த பிறகு அவர் விலக, சாவித்திரி அந்த வேடத்துக்கு வந்தார். 1955-இல் வெளியான படத்தின் பட்டியலில் சாவித்திரிதான். முதல் கட்டப் படப்பிடிப்பின் ஸ்டில் ஒன்று உங்கள் கைக்கு வந்தால் பட்டியலைப் பார்த்துச் சாவித்திரி என்று எழுதுவீர்கள். இரட்டை வேடப் படத்தில் இன்னொரு பொறி. எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி ஒரு படத்தில் இரண்டு பேரும் ஒன்றாக நிற்கும் ஸ்டில்லில், முதுகோ பக்கவாட்டோ காட்டுபவர் டூப்பாக இருக்கலாம். பட்டியலில் அந்த மனிதரின் பெயரே இருக்காது.

தியேட்டர் விஷயத்தில், குன்னூரில் தெலுங்குப் படமே ஓடவில்லை என்று சொல்ல ஆதாரம் வேண்டும். விநியோகஸ்தர் அனுப்பும் பெட்டியில் இரண்டு மொழி ஸ்டில்லும் கலந்து வரவும் வாய்ப்பு உண்டு. தமிழ்ப் பக்கம் சாய்வதற்கு அது ஒரு காரணம், ஒத்துக்கொள்கிறேன். பெயர் எழுதும் அளவு கனமான காரணம் இல்லை.

அப்பர்_பவானி

நான் உடன்படவில்லை. தமிழ்நாட்டு மலை ஊர், தமிழ்ப் பதிப்பும் இருந்த படம், 14-இல் மற்ற 13-உம் தமிழ்ப் படம் என்றால் ஜெமினி என்று எழுதி ஒரு கேள்விக்குறி போடுவதே நியாயம். எதுவும் எழுதாமல் விட்டால் பார்ப்பவருக்கு என்ன பயன்?

வெலிங்டன்_நிரல்

காட்சியைப் பார்க்க வரும் யாராவது படம் எடுத்துப் பகிரும்போது கேள்விக்குறியை விட்டுவிடுவார். அடுத்த மாதம் இணையத்தில் அது "ஜெமினி கணேசன், மாயாபஜார்" என்று நிற்கும். பிறகு யாரோ ஒரு செயலி அதையே தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும். அடுத்த முறை இதே ஸ்டில்லைப் போட்டால் 99 சதவீதம் வரும், ஏனென்றால் தன்னைத்தானே பார்க்கிறது.

அதோடு, சாவித்திரி பெயரை மட்டும் எப்படி உறுதியாக எழுதுகிறோம் என்று யாராவது கேட்கலாம். அது முகத்தால் வந்த உறுதி அல்ல. செட்டும் உடையும் படத்தோடு பொருந்தின, பாத்திரம் தெரிந்தது, அந்தப் பாத்திரத்தை இரண்டு மொழியிலும் அவரே செய்தார். அபிமன்யுவுக்கு அந்தக் கடைசிப் படி இல்லை.

கோத்தகிரி_வாசகசாலை

இப்போதைக்கு இப்படி எழுதலாம் என்று இருக்கிறோம்:

"மாயாபஜார், 1957. நாயகி வேடத்தில் சாவித்திரி. அபிமன்யு வேடத்தில் தமிழ்ப் பதிப்பின் ஜெமினி கணேசன் அல்லது தெலுங்குப் பதிப்பின் அக்கினேனி நாகேஸ்வர ராவ். எந்தப் பதிப்பு என்பது உறுதியாகவில்லை. அச்சு இடம் வலமாகத் திரும்பியுள்ளது."

அப்பர் பவானி ஐயா சொன்னதையும் பேசினோம். ஐந்து பேரில் இரண்டு பேர் அவர் பக்கம்தான். சனிக்கிழமை மறுபடி உட்காருகிறோம்.

பழம்பெட்டி_குன்னூர்

நல்ல குறிப்பு. சனிக்கிழமைக்கு முன் பின்புறத்து ஊதா ஸ்டாம்பைப் பக்கவாட்டு வெளிச்சத்திலும் நீல விளக்கிலும் தனித்தனியாகப் படம் எடுத்து இங்கே போடுங்கள். ஸ்டாம்ப் விநியோகஸ்தருடையது என்றால் ஊர்ப் பெயர் கடைசி வரியில் இருக்கும். சென்னையா, விஜயவாடாவா என்று மூன்று எழுத்து தெரிந்தாலே போதும். மற்ற 13 ஸ்டில்லின் பின்புறத்திலும் பென்சில் எண் இருக்கிறதா, 22-க்கு முன்னும் பின்னும் உள்ள எண் எந்தப் படத்தினுடையது என்றும் பாருங்கள்.

கோத்தகிரி_வாசகசாலை

21 இருக்கிறது. அதே செட், சாவித்திரி மட்டும் தனியாக. அதன் ஸ்டாம்ப் இதைவிடக் கொஞ்சம் தெளிவு. நாளை வெயில் வந்ததும் எடுத்துப் போடுகிறேன்.